நழுவலா, காலவழுவா? ஆண்டு விழாப் பதிவுக்கு ஒரு சொல்

பயிற்சியாளர், மதுரை

குழுவினருக்கு வணக்கம். பள்ளி ஆண்டு விழாவை மூன்று கேமராவில் எடுத்து எடிட்டிங்கில் சேர்ப்பது பற்றி மாணவர்களுக்கு ஒரு கையேடு எழுதுகிறேன். நாளை மாலை அச்சுக்குப் போகிறது. சிங்க் என்பதற்கு ஒத்திசைவு என்று வைத்துவிட்டேன். டிரிஃப்ட்டில்தான் மாட்டிக்கொண்டேன்.

நடந்தது இதுதான். மிக்சரிலிருந்து வரும் ஒலியைத் தனி ரெக்கார்டரில் பதிந்தோம். தொடங்கும் முன் மேடையில் ஒருவரை ஓங்கிக் கைதட்டச் சொல்லி, அந்தத் தட்டலை வைத்து எல்லாப் பதிவுகளையும் பொருத்தினோம். வரவேற்புரை கச்சிதமாக இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து வந்த தனிப்பாட்டில், குழந்தை வாயை மூடிய பிறகும் குரல் கேட்கிறது. ஐந்து ஃபிரேம் தள்ளியிருந்தது. இப்படிச் சிறுகச் சிறுக விலகுவதற்கு ஒரு சொல் வேண்டும்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்

புதிதாக எதற்கு? வழு ஏழில் காலவழு இருக்கிறதே. காலத்தில் பிழைபட்டது, அவ்வளவுதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். "கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை" என்கிறார் தொல்காப்பியர். இமைப்பது கண்ணுக்கு, நொடிப்பது காதுக்கு. உங்கள் கைதட்டலும் கண்ணுக்கும் காதுக்கும் ஒரே கணத்தைக் காட்டுவதுதானே? அதற்கு இமைநொடி என்று பெயர் வையுங்கள்.

விழா வீடியோ எடுப்பவர், திருப்பூர்

ஐயா, இது தூரத்தால் வருவது. அரங்கின் கடைசியில் நிற்கும் கேமராவுக்குச் சத்தம் தாமதமாகத்தான் வரும். முப்பது மீட்டர் என்றால் இரண்டு ஃபிரேம் போய்விடும். ஒலித்தாமதம் என்று போட்டால் முடிந்தது.

எடிட்டர், சென்னை

திருப்பூர் நண்பர் சொல்லும் கணக்கு சரி. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். ஆனால் அந்தத் தாமதம் முதல் நிமிடத்திலும் அறுபதாவது நிமிடத்திலும் ஒரே அளவு. மதுரையில் நடந்தது வளர்ந்துகொண்டே போனது. ரெக்கார்டருக்கு ஒரு கடிகாரம், கேமராவுக்கு ஒரு கடிகாரம். இரண்டும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. 25 ஃபிரேமில் எடுத்தால் ஐந்து ஃபிரேம் என்பது 0.2 நொடி. ஒரு மணிக்கு அவ்வளவு தவறினாலே உதடு காட்டிக்கொடுத்துவிடும்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. தொடக்கத்தில் பொருத்திவிட்டு நேரே கடைசி நிகழ்ச்சிக்குப் போய்ப் பாருங்கள். தொடக்கத்தில் இருந்த அதே வித்தியாசம் அங்கேயும் இருந்தால் தூரம், கூடியிருந்தால் கடிகாரம். ஆண்டு விழாவில் ஒரு வசதி உண்டு: ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் நடுவே அறிவிப்பும் கைதட்டலும் வரும். அங்கே ஒலியை வெட்டி மறுபடி பொருத்திவிடுங்கள். எட்டு நிமிட நடனத்துக்குள் ஒரு ஃபிரேம் கூடப் போகாது.

தூரத்துக் கேமராவில் வேறொரு சிக்கல். அது பதிந்த ஒலியை வைத்துப் பொருத்தினால், அதன் படம் இரண்டு ஃபிரேம் முந்திக்கொள்ளும். பெற்றோர் யாராவது ஃபிளாஷ் அடித்த இடத்தைத் தேடுங்கள். எல்லாக் கேமராவிலும் அந்த வெளிச்சம் ஒரே ஃபிரேமில் வர வேண்டும்.

சொல்லுக்கு என் வாக்கு நழுவல். "நேற்று வருவான்" என்பது காலவழு. அது சொன்ன மாத்திரத்தில் தவறு. இதுவோ சரியாகத் தொடங்கி மெல்ல மெல்லக் கைவிட்டுப் போவது.

பெற்றோர், சிங்கப்பூர்

கைப்பேசியில் ஒத்திசை என்பதை அழுத்தினால் படங்கள் இணையக் கணக்குக்குப் போகின்றனவே, அதுவா இது? என் மகளின் நடனத்தைக் கைப்பேசியில் எடுத்தேன். பள்ளி தந்த வீடியோவோடு சேர்த்தால் ஓரிடத்தில் முந்துகிறது, ஓரிடத்தில் பிந்துகிறது.

எடிட்டர், சென்னை

அது வேறு ஒத்திசைவு, அம்மா. ஆனால் நீங்கள் சொல்லும் கோளாறு உண்மை. பல கைப்பேசிகள் சீரான ஃபிரேம் வேகத்தில் எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் வேகமும் குறையும். முதலில் அதைச் சீரான வேகத்துக்கு மாற்றிவிட்டு, அப்புறம் எடிட்டிங்கில் போடுங்கள்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்

நழுவல் இனிய சொல், மறுக்கவில்லை. ஆனால் ஒத்திசைவு என்ற சொல்லைப் பார்த்துச் சிங்கப்பூர் அம்மையாருக்கு வந்த குழப்பம் நாளை மாணவருக்கும் வரும். காலப்பொருத்தம் என்றே எழுதலாமே?

விழா வீடியோ எடுப்பவர், திருப்பூர்

எங்கள் பையன்கள் "சிங்க் போயிருச்சு" என்றுதான் சொல்வார்கள். தொடக்கத்திலேயே தப்பியிருந்தாலும் அதையேதான் சொல்வார்கள். அந்த வகையில் நழுவல் உதவும். ஒத்திசைவு என்றால் ஒருவனுக்கும் விளங்காது, சிங்க் என்றே விடுங்கள்.

பயிற்சியாளர், மதுரை

அச்சகத்தில் கேட்கிறார்கள், அனுப்பிவிட்டேன். கடிகாரத்தால் வருவதற்கு நழுவல், தூரத்தால் வருவதற்கு ஒலித்தாமதம். சிங்க் அப்படியே சிங்க்தான். தஞ்சாவூர் ஐயா பொறுக்க வேண்டும். இமைநொடியைக் கைதட்டல் பக்கத்தின் தலைப்பாக வைத்திருக்கிறேன். கைப்பேசியில் முந்துவதும் பிந்துவதுமாக வருவதை நழுவல் என்று சொல்ல மனம் வரவில்லை, ஒரு பக்கமாகப் போனால்தானே நழுவல்? அந்தப் பத்தியில் சொல் இல்லாமல் விளக்கம் மட்டும் எழுதியிருக்கிறேன்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்

தள்ளாட்டம் என்று பாருங்கள். சிங்க் விஷயத்தில் நான் இன்னும் ஒப்பவில்லை.