நிலைகளை மாற்றிப் போட்டால் போதுமா? வைவாவில் மாட்டிய கதை

மலர்விழி: எம்.எஸ்சி. வைவாவில் நடந்தது. "ஆர்.ஈ. மொழியின் காம்ப்ளிமென்டும் ஆர்.ஈ. தானா?" என்று கேட்டார்கள். மொழி என்றால் சரங்களின் கணம், காம்ப்ளிமென்ட் என்றால் அதில் இல்லாத சரங்கள் எல்லாம். மொழியில் உள்ள சரங்களை மட்டும் ஏற்கும் டூரிங் மெஷின், அதாவது படிப்படியாக இயங்கும் கற்பனைக் கணினி, ஒன்று இருந்தால் அது ஆர்.ஈ.; மற்ற சரங்களுக்கு அது நிற்காமலும் போகலாம். எல்லாச் சரத்துக்கும் நின்று விடை சொன்னால் டிசைடபிள். டிசைடபிள் மொழிக்குச் செய்வது போல, டூரிங் மெஷினில் ஏற்கும் நிலையையும் மறுக்கும் நிலையையும் மாற்றிப் போட்டால் போதும் என்றேன். பேராசிரியர் பலகையில் ஒரு மெஷின் வரைந்தார். 0-இல் தொடங்கும் சரத்தை ஏற்கும். மற்ற எதைக் கொடுத்தாலும் வலப்பக்கமே போய்க்கொண்டிருக்கும், நிற்காது. "மாற்றிப் போடுங்கள். இப்போது 101-ஐ ஏற்குமா?" ஏற்காது! முன்பும் ஓடியது, இப்போதும் ஓடுகிறது. புதிய மெஷின் எந்தச் சரத்தையுமே ஏற்கவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி ஆனதுண்டா?

சதீஷ்: உண்டு. அதிலிருந்து ஆர்.ஈ. மொழியின் காம்ப்ளிமென்ட் ஒருபோதும் ஆர்.ஈ. ஆகாது என்றுதான் டியூஷனில் சொல்லித் தருகிறேன்.

கோமதி: சதீஷ், 'ஒருபோதும்' என்பதை எடுத்துவிடுங்கள். பலகையில் இருந்த மொழியே டிசைடபிள்தான், முதல் எழுத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கோளாறு அந்த மெஷினில்தான். கணித அறிஞர் எமில் போஸ்ட் 1944-இல் காட்டியது இது: மொழியும் காம்ப்ளிமென்டும் இரண்டுமே ஆர்.ஈ. என்றால் அது டிசைடபிள். மொழிக்கு ஒரு மெஷின், காம்ப்ளிமென்டுக்கு ஒரு மெஷின் என்று நான் லேபில் இதை எழுதிப் பார்த்தபோது முதல் மெஷினை முடியும்வரை ஓட்டிவிட்டு இரண்டாவதைத் தொடங்கினேன். முதலாவதிலேயே சிக்கிக்கொண்டது. இதற்கு ஓர் அடி, அதற்கு ஓர் அடி என்று மாறி மாறி ஓட்ட வேண்டும். எந்தச் சரமும் இரண்டில் ஒன்றில் இருந்தே ஆக வேண்டும், அதனால் ஏதாவது ஒரு மெஷின் கட்டாயம் ஏற்கும்.

ஒரு புரோகிராம் என்றாவது நிற்குமா என்று கேட்கும் ஹால்டிங் பிராப்ளத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். நிற்கும் புரோகிராமை ஓட்டிப் பார்த்தே 'ஆம்' சொல்லலாம், அதனால் அது ஆர்.ஈ. நிற்காதவற்றுக்கும் ஒரு மெஷின் இருந்தால், இரண்டையும் மாறி மாறி ஓட்டியே விடை சொல்லிவிடலாம். அது முடியாது என்று டூரிங் 1936-லேயே காட்டிவிட்டார். ஆகவே அந்த இரண்டாவது மெஷின் இருக்கவே முடியாது.

இர்ஃபான்: எங்கள் லேபில் 10 வினாடி டைம்அவுட். என் புரோகிராம் 14 வினாடியில் முடியும். 'முடிவிலா லூப்' என்று பூஜ்யம் போட்டார்கள். டைம்அவுட் வைத்தால் எல்லாமே டிசைடபிள் ஆகிவிடாதா?

கோமதி: ஆகும், ஆனால் கேள்வி வேறாகிவிடும். '10 வினாடிக்குள் நிற்குமா' என்பது டிசைடபிள். 'என்றாவது நிற்குமா' என்பது இல்லை. உங்களுக்கு மதிப்பெண் போட்டவர்கள் முதல் கேள்வியின் விடையை இரண்டாவதற்கு எழுதிவிட்டார்கள்.

தேவகி: நான் எண்கணிதப் பக்கம். x³+y³+z³=42-க்கு முழு எண் விடை 2019-இல்தான் கிடைத்தது. 114-க்கு இன்னும் இல்லை. தேடிக்கொண்டே இருந்தால் 'உண்டு' என்று சொல்லலாம், 'இல்லை' என்று சொல்லத் தேடல் உதவாது. 9-ஆல் வகுத்து மீதி 4 அல்லது 5 வரும் எண்களுக்கு மட்டும் விடை கிடையாது என்று உடனே சொல்லிவிடலாம். மற்ற எண்களில் விடை இல்லாதது ஒன்றாவது இருக்கிறதா என்பதே தெரியாது.

சதீஷ்: அப்படியானால் மூன்று கனங்களின் கூட்டுத்தொகையாக வரும் எண்களின் கணம் டிசைடபிளா, இல்லையா?

தேவகி: யாரும் இன்னும் நிறுவவில்லை.