அடிக்கட்டை தண்ணீரில் அழுகுகிறது, காப்பாற்ற முடியுமா?

ஜன்னலோரம்
வெங்காயத்தாள், லெட்யூஸ், செலரி மூன்றின் அடியையும் வெட்டித் தண்ணீரில் வைத்தேன். நன்றாகத் துளிர்த்தது. இப்போது ஒரே நாற்றம், அடியெல்லாம் கொழகொழ. தூக்கிப் போடுவதா வேண்டாமா? சீக்கிரம் சொல்லுங்கள், வீட்டில் திட்டு விழுகிறது.

கீரைப்பாத்தி
எது நாறுகிறது, மூன்றுமா? ஒரே பாத்திரமா? தண்ணீர் எவ்வளவு உயரம்? எப்போது மாற்றுகிறீர்கள்?

மண்புழு
குழாய்த் தண்ணீரா? அப்படியென்றால் குளோரின்தான் காரணம். ஓர் இரவு திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள், சரியாகிவிடும்.

ஆணிவேர்
இதே கேள்வி எத்தனை தடவை! பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பொறுமை யாருக்கும் கிடையாது. வேர் எங்கே, குருத்து எங்கே என்று தெரியாமலே எல்லாரும் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறீர்கள்.

சுகந்தி_மா
எங்கள் வீட்டில் பெரிய வெங்காயம் கூடையிலேயே முளைத்துவிடுகிறது. தண்ணீரே வைப்பதில்லை. நீங்களும் அப்படியே விட்டுப் பாருங்களேன்.

ஜன்னலோரம்
அது வேறம்மா, இது தாள். ஒரே கிண்ணம்தான். பாதிக்கட்டை முழுகும்படி தண்ணீர். குறையக் குறைய மேலே ஊற்றிக்கொள்வேன். செலரிதான் மோசம், வெங்காயத்தாள் பரவாயில்லை.

கீரைப்பாத்தி
இப்போது புரிகிறது. மேலே மேலே ஊற்றினால் பழைய தண்ணீர் அப்படியே இருக்கும். வெட்டுவாயில் கசியும் சாற்றைத் தின்று பாக்டீரியா பெருகும், அதுதான் அந்தக் கொழகொழப்பு. குளோரினுக்கு இதில் பங்கில்லை மண்புழு, அது இருந்தால் பாக்டீரியா கொஞ்சம் அடங்கத்தான் செய்யும்.

முதலில் மூன்றையும் பிரியுங்கள். செலரியின் வெளித்தண்டு அடிகள் எப்படியும் சாகும், அவற்றை உரித்தெடுத்துவிட்டு நடுவை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக, பச்சை வாசனையோடு இருந்தால் பிழைக்கும். பழுப்பேறி அமுங்கினால் குப்பைக்கு. பிழைத்ததைக் கழுவி, ஒரு சென்டிமீட்டர் தண்ணீரில் அடித்தட்டு மட்டும் நனையும்படி வையுங்கள். தினமும் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தையும் தேய்த்துக் கழுவணும்.

துளிர் வந்ததை வைத்து வேர் பிடித்துவிட்டது என்று நம்ப வேண்டாம். கட்டையில் சேர்ந்திருக்கும் சத்தைக் கொண்டே முதல் துளிர் வரும். வெங்காயத்தாளுக்கு வேர் முன்பே இருக்கிறது, அதனால்தான் அது தாக்குப்பிடித்தது. செலரிக்கு அடியின் ஓரத்தில் வெள்ளை மொட்டுமொட்டாக வேர் கிளம்ப ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். கிளம்பியதும் மண்ணுக்கு மாற்றுங்கள். குருத்து மட்டும் மண்ணுக்கு மேலே தெரியணும், மண் காயவே கூடாது.

மண்புழு
சரி, குளோரினை விடுங்கள். செலரியை எதற்குத் தண்ணீரில் வைக்கணும்? நான் நேராக மண்ணில்தான் வைப்பேன், நாற்றமே கிடையாது.

ஆணிவேர்
நாற்றம் வராது, மண்ணுக்குள் அழுகினால் உனக்குத் தெரியவும் தெரியாது. தண்ணீரில் வைத்தால் வேர் கண்ணுக்குத் தெரியும்.

மண்புழு
எனக்குப் பெரும்பாலும் பிழைத்திருக்கிறது.

ஆணிவேர்
பிழைக்காததை யார் எண்ணுகிறார்கள்?

கீரைப்பாத்தி
இரண்டு பேர் சொல்வதும் நடக்கும். நீர் வடியும் மண்ணாக இருந்தால் நேராக வைக்கலாம், களிமண்ணில் நான் துணியமாட்டேன்.

சுகந்தி_மா
லெட்யூஸைப் பற்றி யாருமே சொல்லவில்லையே? எனக்கு நடுவில் குச்சி மாதிரி நீண்டுபோய், இலை ஒரே கசப்பு.

கீரைப்பாத்தி
அது பூக்கப் போகிறது, இனி கசப்புதான். லெட்யூஸ் அடியிலிருந்து மறுபடி முழுத் தலை வராதும்மா. நாலைந்து சின்ன இலை வரும், நடுத்தண்டு நீளத் தொடங்கும் முன் பறித்துவிடணும். வெயில் கூடினால் இன்னும் சீக்கிரம் நீளும்.

மண்புழு
நாலு இலைக்கு இவ்வளவு பாடா? விதை தூவிவிட்டுப் போகலாம்.

ஆணிவேர்
முதல்முறையாகச் சரியாகச் சொல்கிறாய்.

சுகந்தி_மா
நாலு இலையானாலும் இலைதானே, எனக்குப் போதும். வெங்காயத்தாளை எத்தனை முறை வெட்டலாம்?

கீரைப்பாத்தி
தண்ணீரிலேயே இருந்தால் இரண்டு மூன்று முறை. ஒவ்வொரு முறையும் தாள் மெலியும், வாசனையும் குறையும். மண்ணில் நட்டால் நீண்ட நாள் வெட்டலாம். வேருக்கு மேலே மூன்று நான்கு சென்டிமீட்டர் வெள்ளைப் பகுதியை விட்டு வெட்டுங்கள்.

ஜன்னலோரம்
உரித்துப் பார்த்தேன், செலரி நடு கெட்டி. லெட்யூஸ் போயிற்று. வெங்காயத்தாளைத் தொட்டியில் நட்டாச்சு. நன்றி.

மண்புழு
செலரியை மண்ணிலா வைத்தீர்கள், தண்ணீரிலா?

சுகந்தி_மா
போய்விட்டார் போல.