புதுப்பிப்பு: ஜெலுத்தோங் ஃபிளாட்டில் உட்காராத கொசு வலை பிரேம்

போன வாரம் நான் கேட்டது: "ஜன்னல் அகலம் 1180 மில்லின்னு அளந்து பிரேம் செஞ்சேன், மேலே உட்காருது, கீழே சிக்குது. அளவு தப்பா, சுவர் தப்பா?"

சுவர்தான் கோணல். ஆனா ஒரே இடத்தில அளந்தது என் தப்பு.

நடுவில அளந்து 5 மில்லி கழிச்சா போதும்னு ஒரு தம்பி எழுதியிருந்தார். கழிக்கணும், சரிதான், ஆனா அப்படிச் செஞ்சிருந்தாலும் இங்கே சிக்கியிருக்கும். அலுமினிய வேலையில ஊறிய அண்ணன் ஒருத்தர் மூணு இடத்தில அளக்கச் சொன்னார். மறுபடி போனேன்: மேலே 1182, நடுவில 1179, கீழே 1174. குறுக்கு மூலைகளும் ஒத்துவரலை.

சின்ன அளவான 1174-ல 3 கழிச்சு, மேல் கீழ் கம்பிகளை 1171-க்கு வெட்டினேன். வலையைப் பிரேம்ல பிடிச்சிருக்கிற பழைய ரப்பர் கயிறு இறுகியிருந்ததால புதுசு போட்டு வலையை மறுபடி இழுத்தேன். கீழே அளவா உட்கார்ந்தது. மேலே பக்கத்துக்கு ஐந்தரை மில்லி இடைவெளி. கொசு தாராளமா நுழையும். அங்கே பிரஷ் டேப் ஒட்டினேன். விளக்கை அணைச்சு, வெளியிலிருந்து டார்ச் அடிச்சுப் பார்த்தோம், பிரேம் ஓரத்தில வெளிச்சம் கசியலை.

பூனை கிழிக்காத வலை கேட்ட அக்கா, அது வேற தடிமன், தனியா எழுதறேன்.

மறுவேலைக்கு வீட்டுக்காரம்மாகிட்ட காசு வாங்கலை. இனிமே மூணு அளவு எடுக்காம விலை சொல்ல மாட்டேன். ஆனா அளக்கப் போற முதல் நடைக்கே கட்டணம் கேக்கலாமா? நீங்க எப்படிச் செய்றீங்க?