டிக்‌ஷனரில உச்சரிப்புக் குறியைப் பார்த்து ஒரு வார்த்தையைச் சொன்ன அனுபவம் யாருக்காவது இருக்கா?

அரைத்தூக்கம்
இது ரொம்ப நாளா உறுத்துது, சொல்லிடறேன். வாசிப்பு வட்டத்துல ஒரு கட்டுரையைச் சத்தமா படிக்கற முறை எனக்கு வந்துச்சு, அதுல hyperbole இருந்துச்சு. தெரியாத வார்த்தைங்கறதால முந்தின ராத்திரியே எடுத்துப் பார்த்து வச்சிருந்தேன், /haɪˈpɜːbəli/ னு போட்டிருந்துச்சு. முதல்ல ஹை, அப்புறம் அந்த சின்ன நிமிர்ந்த கோடு, அதுக்கப்புறம் ப-வை நீட்டணும், கடைசில i இருக்கறதால ஸ்பெல்லிங்ல இருக்கற e சும்மா இல்ல, அதுக்கும் சத்தம் உண்டு. இதெல்லாம் பார்த்துட்டுதான் போனேன். நான் சொல்லி வாய் மூடல, வட்டத்தை நடத்தறவர் "ஹைப்பர்போல்னு சொல்லுங்க" ன்னாரு. ரெண்டு பேர் சிரிச்சாங்க. நான் அடுத்த வரிக்குப் போயிட்டேன். டிக்‌ஷனரி பையிலதான் இருந்துச்சு, எடுத்துக் காட்டல. ஏன் காட்டலைன்னுதான் இன்னிக்கும் யோசிக்கறேன். இதே மாதிரி யாருக்காவது நடந்திருக்கா?

மொட்டைமாடி
நடந்திருக்கு, எனக்கு epitome. /ɪˈpɪtəmi/ ன்னு பார்த்துட்டு இ-பி-ட-மி ன்னேன், பக்கத்துல இருந்தவங்க "எபிடோம்ங்கறது வேற வார்த்தையா?" ன்னு நிஜமாவே கேட்டாங்க. அந்த முகம் இன்னும் மறக்கல. கடைசில வர்ற e-யை விழுங்கற வார்த்தைகளையே பார்த்துப் பழகின கண்ணுக்கு இந்த ரெண்டும் அப்படித்தான் தெரியும். கிரேக்கத்துல இருந்து வந்ததால அந்த e பேசுது, catastrophe-யும் அதே ஜாதிதான். அதை மட்டும் எல்லாரும் ஒழுங்கா சொல்றாங்க, ஏன்னா அடிக்கடி காதுல விழுந்திருக்கு.

நாலாவது பெஞ்ச்
அரைத்தூக்கம், நடத்தறவர் சொன்னது தப்புதான், ஆனா நீங்களும் சரியா சொல்லியிருப்பீங்கன்னு எனக்குத் தோணல. அந்த நிமிர்ந்த கோடு எந்த எழுத்துக்கு அப்புறம் வருதோ அதைத்தான் அழுத்தணும். உங்க எழுத்துல haɪ-க்கு அப்புறம் கோடு. அப்போ ஹை-ல அழுத்தம். எங்க வீட்டு டிக்‌ஷனரில இப்படித்தான், நான் சின்ன வயசுல இருந்து பார்க்கறேன், அழுத்தி முடிச்சதும் கோடு வரும்.

மொட்டைமாடி
இல்லங்க, கோட்டுக்கு அப்புறம் வர்றதைத்தான் அழுத்தணும். எல்லா இடத்துலயும் அப்படித்தான்.

நாலாவது பெஞ்ச்
எல்லா இடத்துலயும்னா எங்க வீட்டு டிக்‌ஷனரி எந்த இடம்? ஃபோட்டோ எடுத்துப் போடவா?

பழைய அட்டை
சண்டை வேண்டாம், ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு டிக்‌ஷனரியைப் பத்திப் பேசறீங்க. நான் பல வருஷம் அகராதி வேலை பார்த்தவன், இந்தக் கோட்டுக் குழப்பம் ஓயாம வரும்.

நாலாவது பெஞ்ச், உங்க வீட்டுல இருக்கறது அமெரிக்கன் ஹெரிடேஜ் மாதிரி ஒண்ணா இருக்கும். அதுல இதே வார்த்தை hī-pûr′bə-lē ன்னு இருக்கும், i-க்கு மேல பட்டைக்கோடு, u-க்கு மேல கூரை. ə-ங்கற தலைகீழ் e-யைத் தவிர எழுத்தெல்லாம் சாதாரண ஆங்கில எழுத்துதான், தலைல மட்டும் குறி. அந்த வகைல கோடு அழுத்தற அசைக்குப் பின்னாடி வரும். இங்க pûr-க்குப் பின்னாடி இருக்கு, அதனால pûr-லதான் அழுத்தம். அரைத்தூக்கம் பார்த்தது சர்வதேச ஒலிக்குறி, ɪ, ɜ மாதிரி எழுத்து, ரெண்டு புள்ளி எல்லாம் வர்றது. அதுல கோடு அசைக்கு முன்னாடி. haɪ-க்கு அப்புறம் நிக்கற மாதிரி தெரியும், ஆனா அது pɜː-வோட கோடு. ரெண்டுலயும் அழுத்தம் ஒரே இடத்துலதான் விழுது. உங்க விதியை எடுத்து அவர் புத்தகத்துல போட்டதால அது ஹை-க்கு நகர்ந்துடுச்சு. மெரியம் வெப்ஸ்டர் இன்னும் குழப்பும், எழுத்து அமெரிக்கன் பாணி, ஆனா கோடு முன்னாடிதான். அதனால எழுத்து பாணியை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க.

புது டிக்‌ஷனரி கைக்கு வந்தா நான் முதல்ல about-ஐ எடுப்பேன். அதுல அழுத்தம் பவுட்-ல தான்னு எல்லாருக்கும் தெரியும். /əˈbaʊt/ ன்னு b-க்கு முன்னாடி கோடு இருந்தா அந்தப் புத்தகம் முழுக்க முன்னாடி. ə-bout′ ன்னு கடைசில இருந்தா முழுக்கப் பின்னாடி. அரை நிமிஷம் போதும். முன்னுரைல விளக்கம் இருக்கும், ஆனா அதை யாரும் படிக்கறதில்லன்னு எனக்குத் தெரியும்.

நாலாவது பெஞ்ச்
பார்த்துட்டேன், ə-bout′ தான். சரி, என் புத்தகத்தைப் பொறுத்தவரை நான் சொன்னது சரின்னு ஆச்சு 🙂

குட்டிமா அம்மா
குறி பத்தின திரிதானே, என் கதையையும் கேளுங்க. என் பொண்ணு yolk-ங்கற வார்த்தைக்கு /jəʊk/ ன்னு பார்த்துட்டு "அம்மா, மஞ்சள் கருவுக்கு ஜோக்னு பேரா" ன்னு கேட்டா. நான் ஆமாண்ணு தலையாட்டிட்டேன், ஏன்னா j-ன்னா ஜ தானே. அவ அதையே கிளாஸ்ல சொல்லிட்டு வந்தா. அந்தக் குறில j-ன்னா ய-வாம்! நம்ம ஜ-வுக்கு dʒ-ன்னு ரெண்டு எழுத்து ஒட்டி வருமாம். இப்படி வச்சவங்களுக்கு யார் மேல கோவம்னு தெரியல.

நாலாவது பெஞ்ச்
எங்க புத்தகத்துல j-ன்னா ஜ தான், y-ன்னா ய தான். அமெரிக்கன் முறைல இந்த வம்பே இல்ல.

பழைய அட்டை
அது உண்மை. மெரியம் வெப்ஸ்டர்ல yolk ˈyōk, joke ˈjōk, பார்த்ததும் புரியும். ஆனா அங்க வேற இடத்துல மாட்டிப்பீங்க, ə-ங்கற தலைகீழ் e-யை அழுத்தமான இடத்துக்கும் அழுத்தமில்லாத இடத்துக்கும் ஒண்ணாவே போடுவாங்க. but-ல வர்ற அழுத்தமான ஒலிக்கும் about-ஓட முதல் எழுத்துக்கும் ஒரே குறி. ஆக்ஸ்ஃபோர்டு மாதிரி புத்தகத்துல முன்னதுக்கு ʌ, பின்னதுக்கு ə.

குட்டிமா அம்மா, ஜெர்மன்ல j-ன்னா ய தான், அங்கெல்லாம் யாருக்கும் கோவம் வராது. ஆங்கிலத்துக்கு மட்டும்னு செஞ்ச குறி இல்ல இது.

சும்மா ஒருத்தன்
இவ்வளவு தலைவலி எதுக்குங்க? எனக்கும் ஒரு தடவை debris-ல மாட்டுச்சு, அவ்வளவுதான் என் கதை. அதுக்கப்புறம் நான் பண்றது இதுதான், எல்லாரும் பண்ணலாம். ஆன்லைன் டிக்‌ஷனரில ஸ்பீக்கர் படம் இருக்கும், அதை அமுக்குங்க, காதுல கேளுங்க, வார்த்தைக்கு மேல பென்சில்ல தமிழ்லயே எழுதிக்கோங்க. முடிஞ்சுது. குறியெல்லாம் பரீட்சைக்குப் படிக்கறவங்களுக்கு. தமிழ்ல எல்லா சத்தத்துக்கும் எழுத்து இருக்கும்போது தலைகீழ் e-யை எதுக்கு மனப்பாடம் பண்ணணும்? ஒரு நோட்டு போட்டு, இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் தமிழ்னு எழுதி, காலைல ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை வாய்விட்டுப் படிங்க, தானா வரும். ஸ்பீடைக் குறைச்சுக் கேட்கற வசதிகூட சிலதுல இருக்கு.

மொட்டைமாடி
hyperbole-ஐத் தமிழ்ல எழுதிக் காட்டுங்க பார்ப்போம்.

சும்மா ஒருத்தன்
ஹைபர்பலி. இதுல என்ன கஷ்டம்?

மொட்டைமாடி
முதல் ப p, ரெண்டாவது ப b. நீங்க எழுதினதுல ரெண்டும் ஒரே ப. ஒரு மாசம் கழிச்சு நோட்டைத் திறந்தா ரெண்டு ப-வும் b-யாவே வரும். சிலர் ப்ப போடுவாங்க, சரி, அழுத்தத்தை எங்க காட்டுவீங்க?

பழைய அட்டை
ஸ்பீக்கரை அமுக்கறது நல்லதுதான், நானும் அமுக்குவேன். ஆனா record-க்குப் போய் மேல இருக்கற முதல் ஸ்பீக்கரை மட்டும் அமுக்கினவங்களைப் பார்த்திருக்கேன். பெயரா வந்தா /ˈrekɔːd/, வினையா வந்தா /rɪˈkɔːd/, ரெண்டுக்கும் தனித்தனி ஸ்பீக்கர். கோடு நகரும்போது முதல் உயிரும் மாறுது பாருங்க, அழுத்தம் போனதும் e மெலிஞ்சு ɪ ஆயிடுது. காதுல மட்டும் கேட்டா அந்த மெலிவு தவறிடும், நமக்கு ஏற்கனவே தெரிஞ்ச சத்தத்தைத்தான் காது பிடிக்கும்.

அந்த தலைகீழ் e-யை ரொம்ப அந்நியமா பார்க்க வேண்டியதும் இல்ல. நம்ம குற்றியலுகரம் மாதிரி, "நாடு" ன்னு சாதாரணமா சொல்லும்போது கடைசி உ எவ்வளவு குறுகி, உதடு குவியாம போகுது? அந்த அளவு சோம்பலாத்தான் ə-வைச் சொல்லணும். ஒலி அதே இல்ல, ஆனா முயற்சி அவ்வளவுதான். ஹை-பர்-ப-லி-ல மூணாவதா வர்ற ப-வைத் தெளிவா பா-ன்னு திறந்தீங்கன்னா கோடு இருக்கற இடத்தோட அழுத்தம் கரைஞ்சு போயிடும். நிறைய பேருக்கு இதுதான் நடக்குது, எல்லா அசையையும் ஒரே கனத்துல சொல்றது.

அரைத்தூக்கம்
இப்போ ஒரு விஷயம் தோணுது. நான் ர் சொல்லவே இல்ல. ɜː-க்கு அப்புறம் r இல்லையேன்னு ஹை-பஃ-பலி மாதிரி சொன்னேன். அதனாலதான் அவங்களுக்கு அது வார்த்தையாவே கேட்கலையோ?

பழைய அட்டை
இருக்கலாம். அது பிரிட்டிஷ் உச்சரிப்பு, உயிர் ஒலிக்கு முன்னாடி இல்லாத r-ஐ விட்டுடுவாங்க. பெரும்பாலும் அதே பதிவுல பக்கத்துலயே அமெரிக்க உச்சரிப்பும் இருக்கும், /haɪˈpɜːrbəli/ ன்னு. உங்களைச் சுத்தி இருக்கறவங்க r-ஐச் சொல்றவங்கன்னா அதை எடுத்துக்கறதுல தப்பே இல்ல. ஒரு வாக்கியத்துலயே ரெண்டையும் கலந்துக்காதீங்க, அவ்வளவுதான்.

சும்மா ஒருத்தன்
r சொன்னா மட்டும் அவங்க சிரிச்சிருக்க மாட்டாங்களா? அவங்களுக்குத் தெரிஞ்சது ஹைப்பர்போல், அவ்வளவுதான். ஆளைப் பொறுத்தது, குறியைப் பொறுத்தது இல்ல.

குட்டிமா அம்மா
பையிலேர்ந்து எடுத்துக் காட்டியிருக்கணும். நான்னா காட்டியிருப்பேன்.

மொட்டைமாடி
காட்டினாலும் அந்தக் கோட்டைப் பார்த்து "ஹை-லதானே அழுத்தம்" ன்னு வேற ஒரு நாலாவது பெஞ்ச் கிளம்பியிருப்பாங்க.

நாலாவது பெஞ்ச்
😐 இதைக் கேட்டுட்டுப் போறேன். controversy-க்கு என் அண்ணன் டிக்‌ஷனரில ரெண்டு போட்டிருக்கு, முதல்ல /ˈkɒntrəvɜːsi/, அடுத்து /kənˈtrɒvəsi/. கோடு முன்னாடின்னு இப்போ தெரியும், அதனால ஒண்ணுல கான்-ல அழுத்தம், இன்னொண்ணுல ட்ரா-ல. முதல்ல போட்டதுதான் சரி, ரெண்டாவது ஒப்புக்கு போட்டதுன்னு அண்ணன் சொல்றான். அப்படியா?

பழைய அட்டை
ஒப்புக்கு யாரும் போட மாட்டாங்க. ரெண்டும் ஏத்துக்கிட்டதுதான், பொதுவா அதிகம் புழங்கறதை முதல்ல வைப்பாங்க. ரெண்டாவதை பிரிட்டன்ல நிறைய பேர் சொல்றாங்க, அங்கயே அதைக் கேட்டா எரிச்சல்படறவங்களும் இருக்காங்க.

நாலாவது பெஞ்ச்
அண்ணன் ஒத்துக்க மாட்டான். பக்கத்தை எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன்.