12 ஜிபி பழைய கார்டா, 8 ஜிபி புதிய கார்டா?

கட்டடக்கலை மாணவனான நான் ரெவிட்டில் வரையும் மாதிரியைப் பிளெண்டருக்குக் கொண்டுவந்து சைக்கிள்ஸில் ரெண்டர் செய்யும்போது, மரங்களும் உள் அலங்காரமும் சேர்ந்த காட்சிகள் மட்டும் "System is out of GPU memory" என்று பாதியில் நின்றுவிடுகின்றன. கடந்த பருவத்திலிருந்தே இதே நிலைதான்.

கார்டு 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1650, ரேம் ஒரே 8 ஜிபி டிடிஆர்4 துண்டு, இன்னொரு இடம் காலி, பவர் சப்ளை 550 வாட், திரை 1366×768.

4கே டெக்ஸ்சர் ஒன்று சுருக்கப்படாமல் ஏறத்தாழ 64 எம்பி பிடிப்பதால், எல்லாவற்றையும் 16 எம்பி அளவுள்ள 2கேவுக்குக் குறைத்தேன். மரங்களை நகலெடுக்காமல் இன்ஸ்டன்ஸாக வைத்தேன். சிறிய காட்சிகள் தப்பின, பெரியவை தப்பவில்லை. சிபியுவில் ரெண்டர் செய்தால் ரேம் நிரம்பி, வேலை வட்டுக்கு வழிந்து, கணினியே உறைகிறது.

ரெவிட்டின் பலகைகள் திரையில் பாதியை விழுங்கினாலும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதால் திரையைத் தள்ளிவைத்துவிட்டேன். கையிலுள்ள பணம் ஒரு கார்டுக்கும் இன்னொரு 8 ஜிபி ரேமுக்கும் மட்டுமே போதும்.

பயன்படுத்திய 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060, வேகம் கூடிய புதிய 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 4060 ஆகிய இரண்டில், இத்தகைய காட்சிகளுக்கு எதை வாங்குவது சரி?