சான்றிதழ் ஜூனில் வந்தது, முதலீட்டுப் பணம் நவம்பரில் போனது

அம்பத்தூர் அச்சகம்: ஜூன் 12 அன்று எங்கள் பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்குச் சான்றிதழ் வந்தது. இரண்டு இயக்குநர்கள் வேண்டுமே என்று அம்மாவையும் சேர்த்திருந்தேன். முதலீடு ஒரு லட்சம், ஆளுக்குப் பாதிப் பங்கு. பான் கார்டும் கையோடு வந்துவிட்டது. வேலை முடிந்தது என்று இருந்தேன். நவம்பரில் ஒரு நண்பர், "INC-20A போட்டாச்சா?" என்று கேட்டபோதுதான், பங்குப் பணம் கம்பெனிக்கு வந்துவிட்டது என்று அறிவிக்கும் அப்படி ஒரு ஃபாரம் இருப்பதே தெரிந்தது. அவசர அவசரமாக என் சொந்தக் கணக்கிலிருந்து ஒரு லட்சத்தையும் கம்பெனிக் கணக்குக்கு அனுப்பினேன். ஆடிட்டர் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்துவிட்டு, "அம்மாவோட ஐம்பதாயிரம் எங்கே சார்?" என்றார்.

வேளச்சேரி வாசகர்: அதற்கு ஒரு வருடம் டைம் இருக்கிறதே? வியாபாரம் தொடங்கவில்லை என்றால் போடவே வேண்டாம் என்றுதான் எனக்குச் சொன்னார்கள்.

மயிலாப்பூர் சி.எஸ்.: இல்லைங்க, கம்பெனி செக்ரட்டரியாகச் சொல்கிறேன். சான்றிதழ் தேதியிலிருந்து 180 நாள்தான். இவருக்கு டிசம்பர் 9. அதைப் போடாமல் வியாபாரமும் தொடங்கக் கூடாது, கடனும் வாங்கக் கூடாது. விட்டால் சட்டப்படி கம்பெனிக்கு ஐம்பதாயிரம் அபராதம். இயக்குநர்களுக்குத் தனியாக, நாளுக்கு ஆயிரம் வீதம் ஒரு லட்சம் வரை ஏறும்; சின்னக் கம்பெனி என்றால் இதில் பாதிக்கு மேல் போகாது. பேருக்குச் சேர்த்த அம்மாவும் அதில் வருவார்.

பணத்தைப் பொறுத்தவரை, யார் பங்குக்குக் கையெழுத்துப் போட்டாரோ அவர் கணக்கிலிருந்து வந்தால்தான் ஸ்டேட்மென்ட் தானே பேசும். அம்மாவிடம் பணம் இல்லையென்றால் முதலில் அவருக்கு அன்பளிப்பாகக் கொடுங்கள், அப்புறம் அவர் அனுப்பட்டும். முதல் ஆடிட்டரை 30 நாளுக்குள் போர்டு தீர்மானத்தில் நியமித்தீர்களா? பதிவு செய்து கொடுத்தவர் தானாக ஆடிட்டர் ஆகிவிட மாட்டார்.

கொளத்தூர் கடைக்காரர்: எனக்கு ஜிஎஸ்டி நம்பர் இன்னும் வரவில்லை. அதற்கும் இந்த ஃபாரத்துக்கும் சம்பந்தம் உண்டா?

மயிலாப்பூர் சி.எஸ்.: அது வேறு கதை அண்ணா.

அம்பத்தூர் அச்சகம்: ஆடிட்டர் விஷயம் தப்பித்தேன், ஜூலை 4 தீர்மானம் இருக்கிறது. அம்மாவின் பென்ஷன் பாஸ்புக்கோடு வங்கிக்குப் போனோம். "கம்பெனிக்கு நான் ஏன்டா பணம் கட்டணும்?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். அவர் கணக்கிலிருந்து ஐம்பதாயிரம் போனது, அதிகமாகப் போன என் ஐம்பதாயிரம் எனக்குத் திரும்பியது. டிசம்பர் 5 அன்று ஸ்டேட்மென்ட்டை இணைத்து, என் டிஜிட்டல் கையெழுத்தோடு ஃபாரம் போய்விட்டது.

ஒரு முள் மட்டும் பாக்கி. அக்டோபரில் ஒரு கல்யாணப் பத்திரிகை ஆர்டருக்குக் கம்பெனி பெயரில் பில் போட்டுவிட்டேன்.

மயிலாப்பூர் சி.எஸ்.: ஃபாரம் போடும் முன்பேவா? அது மீறல்தான், டிசம்பரில் போட்டதால் அக்டோபர் பில் சரியாகிவிடாது. அந்தப் பில்லோடு ஆடிட்டரிடம் நேரில் பேசுங்கள்.