இரண்டு பீரியட்ஸுக்கு நடுவில் ஒரு பக்க வலி: ஸ்கேனில் ‘சிஸ்ட்’ என்று வந்தவர்களின் அனுபவம்

கயல்:
சில மாதங்களாக எனக்கு இரண்டு மாதவிடாய்க்கு நடுவில் அடிவயிற்றின் வலது பக்கம் சுருக்கென்று ஒரு வலி வருகிறது. இடுப்பு எலும்புக்குச் சற்று உள்ளே, ஒரு விரலை வைத்துக் காட்டிவிடலாம், அவ்வளவு சின்ன இடம். காலையில் ஆரம்பித்தால் மாலைக்குள் மந்தமாகிவிடும், மறுநாள் தெரியாது. போன மாதம் கொஞ்சம் கூடுதலாக இருந்ததால் வலி இருக்கும்போதே ஸ்கேன் எடுத்தேன். ‘வலது ஓவரியில் 23 மி.மீ. சிஸ்ட்’ என்று ரிப்போர்ட் வந்தது. அதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. இது முட்டை வெளியேறும் வலியா, கட்டி வலியா? எனக்கு 32 நாளுக்கு ஒருமுறை பீரியட்ஸ் வரும். ஸ்கேன் எடுத்தது 17ஆம் நாள். இதே மாதிரி பட்டவர்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று சொல்லுங்கள்.

ரேவதி:
எனக்குக் கல்லூரி நாளிலிருந்தே இந்த வலி உண்டு கயல். ஒரு மாதம் வலது, அடுத்த மாதம் இடது என்று மாறிமாறி வரும். அப்படி மாறினால் முட்டை வலி, எப்போதும் ஒரே பக்கம் என்றால் கட்டிதான். அப்புறம், முட்டை வலி 14ஆம் நாள்தான் வரும். உங்களுக்கு 17 என்கிறீர்கள், பக்கமும் மாறவில்லை. எனக்கென்னவோ நீங்கள் கட்டிக்குத்தான் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

தேன்மொழி:
பயப்படாதீங்க சிஸ். எனக்கும் நீர்க்கட்டி இருக்கு, இரண்டு ஓவரியிலும். மாத்திரை சாப்பிட்டு, எடையைக் குறைத்த பிறகு பீரியட்ஸ் ஒழுங்காகிவிட்டது. எனக்கு முன்பெல்லாம் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். நீங்களும் எடையைக் குறையுங்கள், சரியாகிவிடும்.

சாந்தி அக்கா:
மகளிர் நோய்ப் பிரிவில் நர்ஸாகப் பல வருடம் இருந்தவள் நான். கயல் மாதிரி ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கலங்கி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தேன்மொழி, உங்களுக்கு இருப்பது வேறு. பிசிஓடியில் இருப்பவை பாதியில் வளர்ச்சி நின்ற சின்னச் சின்ன முட்டைப் பைகள். முட்டை ஒழுங்காக வெளியேறாததுதான் அங்கே பிரச்சினை. கயலுக்கு மாதம் தவறாமல் வருகிறது, அவர் கேட்பது ஒற்றை நீர்ப்பையைப் பற்றி.

ரேவதி சொன்ன 14ஆம் நாள் கணக்கு 28 நாள் சுழற்சிக்குச் சரி. மற்றவர்கள் அடுத்த பீரியட்ஸ் வரும் தேதியிலிருந்து பின்னோக்கித்தான் எண்ண வேண்டும். முட்டை வெளியேறிய பிறகு பீரியட்ஸ் வர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும், ஓரிரு நாள் முன்பின் இருக்கலாம். 32இல் 14 போனால் 18. ஆக, கயலின் 17ஆம் நாள் முட்டை வெளியேறும் நேரமேதான்.

இப்போது அந்த 23 மி.மீ. ஒவ்வொரு மாதமும் முட்டை ஒரு நீர்ப்பைக்குள்தான் வளர்கிறது. உடைவதற்கு முந்தைய நாளில் அந்தப் பை சாதாரணமாகவே 18 முதல் 25 மி.மீ. வரை இருக்கும். அன்றைக்கு ஸ்கேன் எடுத்தால் கருப்பாக, உருண்டையாக, மெல்லிய சுவரோடு ஒரு பை தெரியத்தான் செய்யும். பார்ப்பவர் பீரியட்ஸ் தேதியைக் கேட்காமல் விட்டால் அதையே ‘சிஸ்ட்’ என்று எழுதிவிடுவது உண்டு. உங்கள் ரிப்போர்ட்டில் கடைசி பீரியட்ஸ் தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே தடுப்போ திடமான பகுதியோ இருப்பதாக எழுதவில்லை என்றால், அடுத்த பீரியட்ஸ் வந்த ஐந்திலிருந்து பத்து நாளுக்குள் மறுபடி ஒரு ஸ்கேன் எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். முட்டைப் பையாக இருந்தால் அப்போது அது அங்கே இருக்காது.

பக்கம் மாறுவதும் அப்படி ஒழுங்காக நடப்பதில்லை. ஒரே ஓவரி தொடர்ந்து சில மாதம் முட்டை விடலாம். அதனால் பக்கத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது.

ஜெயந்தி:
எனக்கு நடந்ததையும் சொல்கிறேன், எல்லா ஒரு பக்க வலியையும் முட்டை வலி என்று விட்டுவிடக் கூடாது என்பதற்காக. இடது பக்கம் அவ்வப்போது லேசாக இழுக்கும், தானே போய்விடும். ஒருநாள் குனிந்து எதையோ தூக்கும்போது வலி திடீரென்று உச்சத்துக்குப் போனது. நிமிரவே முடியவில்லை, உடனே வாந்தி. கொஞ்சம் விட்டு மறுபடி வந்தது. வழக்கமான வலிதானே என்று வீட்டில் படுக்கச் சொன்னார்கள். என் தங்கைதான் பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். 6 செ.மீ.க்கு மேல் ஒரு கட்டி, அதன் கனத்தில் ஓவரியே முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் தடைபட்டிருந்தது. அன்றிரவே ஆபரேஷன். ஓவரியைக் காப்பாற்றிவிட்டார்கள்.

சாந்தி அக்கா:
ஜெயந்தி சொன்ன அந்த வாந்தி முக்கியம். முட்டை வலி சில நிமிடத்திலிருந்து சில மணி நேரம் இருக்கும், சிலருக்கு இரண்டு நாள் வரை இழுக்கும். ஆனால் போகப் போகக் குறைந்துகொண்டே வரும். கூடிக்கொண்டே போனாலோ, வாந்தி, காய்ச்சல், மயக்கம் சேர்ந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து வலது பக்கம் இறங்கி, சாப்பாடும் பிடிக்காமல் போனால் குடல்வாலாக இருக்கலாம். பீரியட்ஸ் தள்ளிப்போயிருக்கும்போது ஒரு பக்கம் வலித்தால் முதலில் கர்ப்பப் பரிசோதனை. கரு குழாயில் தங்கியிருந்தால் காத்திருக்கக் கூடாது.

நிலா:
நான் கருத்தடை மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். எனக்கும் மாதத்தின் நடுவில் அப்படி வலிக்கிறதே?

சாந்தி அக்கா:
தவறாமல் சாப்பிடுகிறீர்கள், அதுவும் இரண்டு ஹார்மோன் சேர்ந்த மாத்திரை என்றால் முட்டை பொதுவாக வெளியேறாது. அப்போது வேறு காரணம் தேட வேண்டும், டாக்டரிடம் காட்டுங்கள். ஒற்றை ஹார்மோன் மாத்திரை என்றால் சிலருக்கு முட்டை வெளியேறும், நீர்ப்பையும் வரும். அட்டையைப் பார்த்துச் சொல்லுங்கள்.

கயல்:
பீரியட்ஸ் முடிந்ததும் மறுபடி ஸ்கேன் எடுத்தேன். வலது ஓவரியில் எதுவும் இல்லை! பழைய ரிப்போர்ட்டில் கடைசி பீரியட்ஸ் தேதிக்கான இடம் காலியாகத்தான் இருந்தது அக்கா.

இன்னொரு சந்தேகம். இந்த மாதம் முட்டை வெளியேறும் நாளைக் காட்டும் சிறுநீர்ப் பட்டையும் வாங்கிப் பார்த்தேன். அது அழுத்தமாகக் கோடு காட்டிய அன்றே வலி வந்துவிட்டது. வெள்ளைப்படுதலும் அன்றைக்கு முட்டை வெள்ளைக்கரு போல நீண்டு வந்தது. பட்டை காட்டி ஒரு நாளுக்கு மேல் ஆன பிறகுதானே முட்டை வெளியே வரும்? அப்படியென்றால் பை உடைவதற்கு முன்பே ஏன் வலிக்கிறது?

சாந்தி அக்கா:
நல்ல கேள்வி. பை உடைந்து, அதிலிருந்து வரும் நீரும் துளி ரத்தமும் வயிற்றின் உள்சவ்வை உறுத்துவதால் வலி என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் உடைவதற்கு முன்பே வலிப்பதாகச் சொல்பவர்கள் நிறையப் பேர். பை விரிந்து ஓவரியின் மேல்தோலை இழுப்பதால் இருக்கலாம் என்கிறார்கள். இரண்டும் இருக்கலாம், ஒருவருக்கு எது என்று உறுதியாகச் சொல்வது கடினம்.

ரேவதி:
இதையெல்லாம் படித்துவிட்டு நானும் போய் வந்தேன். எனக்கு இடது பக்கம் 4 செ.மீ. இருக்கிறது. பீரியட்ஸ் முடிந்த பிறகு எடுத்த ஸ்கேன்தான். உள்ளே தெளிவான நீராக இல்லை, கலங்கலாகத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறார்கள். ரத்தம் கசிந்த பையாக இருந்தால் சில வாரத்தில் தானே கரைந்துவிடும், கருப்பை உள்சவ்வு போன்ற திசு ஓவரியில் வளர்ந்து உண்டாகும் சாக்லேட் சிஸ்ட் என்றால் அப்படியே இருக்கும் என்று டாக்டர் சொன்னார். எட்டு வாரம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். பீரியட்ஸ் நேரத்தில் வலி அதிகமா, தாம்பத்தியத்தில் வலி உண்டா என்றும் கேட்டார். முதலாவது உண்டு என்று சொன்னேன். சாக்லேட் சிஸ்ட் என்று உறுதியானவர்கள் இங்கே இருந்தால், உங்களுக்கு நடுமாதத்திலும் வலித்ததா?